பல் சுத்தம் செய்யப் பயப்படுபவரிடம் என்ன பேசுவது: கிளினிக்கில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளினிக்கில் புதிதாகச் சேரும் வரவேற்பாளர்கள், நாற்காலிப் பக்கம் நிற்கும் உதவியாளர்கள், இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டு வரும் இளம் டாக்டர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. ஸ்கேலிங் என்கிற பல் சுத்தம் ஒன்றுக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு முறை. வேர் சிகிச்சைக்கும் பல் எடுப்பதற்கும் பேச வேண்டியது வேறு. மேற்கோளுக்குள் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம், உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

போனில் "கிளீன் பண்ணினா வலிக்குமா?" என்கிறார்கள். "வலிக்காது, வாங்க" என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். ஈறு நல்ல நிலையில் இருப்பவருக்கு அது உண்மையாக இருக்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறவருக்குச் சில பற்களில் சுருக்கென்று இருக்கும். போனில் பேசுகிறவர் இதில் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. "வலிக்காது" என்ற வாக்கு முதல் நிமிடத்திலேயே பொய்த்துவிட்டால், அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். பயந்தவர்களுக்கு இந்த ஏமாற்றம் நெடுநாள் மறக்காது.

என்ன நடக்கும், என்ன உணர்வு இருக்கும் என்று சொல்லுங்கள். எங்கள் வரவேற்பில் சொல்வது இது: "நிறையப் பேருக்குக் கூச்சம் மாதிரிதாங்க இருக்கும். ஈறு இறங்கியிருந்தா ஒண்ணு ரெண்டு பல்லுல சுருக்குன்னு படலாம். நீங்க கையைத் தூக்கினா டாக்டர் உடனே நிறுத்திடுவாங்க. வேணும்னா மரத்துப்போற ஜெல் தடவிட்டுப் பண்ணலாம்."

இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே "அப்போ எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று தாவாதீர்கள். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பலரும் உண்மையான பயத்தைச் சொல்வார்கள். அப்புறமும் தயங்கினால், "சும்மா வந்து காட்டிட்டுப் போங்க, அன்னிக்கே பண்ணணும்னு ஒண்ணும் இல்லை" என்று சொல்லலாம். சொன்னால் அதன்படி நடக்க வேண்டும். காட்ட வந்தவரை நாற்காலியில் வைத்தே "வந்ததுதான் வந்தீங்க, பண்ணிடலாமே" என்று டாக்டர் ஆரம்பித்தால் வரவேற்பில் இருப்பவர் சொன்னது பொய்யாகிவிடும்.

"பயமா இருக்கா?" என்று நேராகக் கேட்டால் இன்னும் பயந்துவிட மாட்டார்களா?

மாட்டார்கள். கேட்பதாலேயே பயம் கூடுவதில்லை. அந்தக் கேள்வியில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஆண்கள் பெரும்பாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

பல் சிகிச்சைப் பயத்தை அளக்க 1995-ல் வெளியான ஐந்து கேள்வித் தாள் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு டாக்டரிடம் போகப் போகிறீர்கள், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பல்லைத் துளையிடப் போகிறார்கள், சுத்தம் செய்யப் போகிறார்கள், ஈறில் ஊசி போடப் போகிறார்கள். இந்த ஐந்திலும் எவ்வளவு பதற்றம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 5-இலிருந்து 25 வரை வரும். 19-ஓ அதற்கு மேலோ வந்தாலே கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்ளலாம். தமிழிலும் இதைச் சோதித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். காத்திருக்கும்போது கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.

தாள் கொடுக்க முடியாத நாளில் ஒரே ஒரு கேள்வி போதும்: "முன்னாடி எங்கேயாவது பல்லு பார்த்தப்போ உங்களுக்குப் பிடிக்காம போனது ஏதாவது இருக்கா?" இதற்கு யாரும் வெட்கப்படாமல் பதில் சொல்வார்கள். ஒருவருக்கு மெஷின் சத்தம், ஒருவருக்கு ஊசி, ஒருவருக்குப் படுத்த நிலையில் தண்ணீர் தொண்டைக்குப் போவது, இன்னொருவருக்குப் பில் எவ்வளவு வருமோ என்ற கவலை. பெயர் எல்லாவற்றுக்கும் "பயம்" என்றாலும் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. சத்தத்துக்குப் பயப்படுபவரிடம் ஊசி பற்றி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் நினைக்காத ஒன்றை நாமே நினைவூட்டியதாகிவிடும்.

வாயைத் திறந்ததும் நிறையக் காரை இருந்தால், "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்பதில் என்ன தப்பு?

அவர் இவ்வளவு நாள் வராததற்குக் காரணமே இந்தக் கேள்விக்குப் பயந்துதான். கேட்காதீர்கள். "இங்க கொஞ்சம் சேர்ந்திருக்கு, இங்க இல்லை" என்று இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு முதல் சில நிமிடங்களில் என்ன செய்வது, என்ன பேசுவது?

ஒருவரை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, மகள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. சின்ன வயதில் பல் எடுத்தபோது, மரத்துப்போகும் முன்பே பிடுங்கிவிட்டார்கள். "நிறுத்துங்க"ன்னு சொல்லியும் நிறுத்தவில்லை என்கிறார். இவருடைய பயம் வலி மட்டும் இல்லை. ஆரம்பித்தால் தன் கையில் எதுவும் இருக்காது என்பதுதான். எனவே முதல் வேலை, கட்டுப்பாட்டை அவர் கையில் கொடுப்பது.

நாற்காலியைச் சாய்க்க வேண்டாம். டாக்டர் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, அவர் கண் உயரத்துக்கு உட்கார வேண்டும். கருவித் தட்டு அவர் பார்வையில் படாமல் பின்னால் இருக்கட்டும். பிறகு: "அம்மா, இப்போ நான் கண்ணாடி வெச்சுப் பார்க்கிறது மட்டும்தான். வேற ஒண்ணும் கையில இல்லை, பாருங்க. உங்க இடது கையைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன். காரணம் சொல்ல வேண்டாம். ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க." இடது கை என்று குறிப்பிடுவதற்குக் காரணம், வலது பக்கம் டாக்டரும் கருவியும் இருப்பதால் அந்தக் கையைத் தூக்கினால் கருவியில் இடித்துவிடும். டாக்டர் இடதுகைக்காரர் என்றால் இதை மாற்றிக்கொள்ளுங்கள். தூக்கிக் காட்டச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை தூக்கிப் பழகியவர்தான் தேவைப்படும்போது தூக்குவார். வெறுமனே கேட்டுக்கொண்டவர் கூச்சப்பட்டுத் தாங்கிக்கொண்டே இருப்பார்.

பார்த்து முடித்ததும் கைக்கண்ணாடியை அவரிடம் கொடுத்துக் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைக் காட்டுங்கள். காரை முதலில் சேரும் இடங்கள் இரண்டு: அங்கும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும். எச்சில் சுரப்பிகளின் வாய் அந்த இடங்களுக்குப் பக்கத்தில் திறக்கிறது. பல்லில் படியும் அழுக்குப் படலத்தில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகுகிறது. "உப்புத் தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையாப் படியுமே, அது மாதிரிதாம்மா. பிரஷ் போட்டா இது போகாது" என்றால் எல்லோருக்கும் புரியும். பல் தேய்ப்பதில் குறை சொல்லாமலேயே விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இனி கருவி. குழந்தைகளுக்காக 1959-ல் எழுதப்பட்ட "சொல், காட்டு, செய்" என்ற முறை பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும். முதலில் சொல்லுங்கள்: "இது ஓட்டை போடுற மெஷின் இல்லைம்மா. நுனி சுத்தாது, அதிரும். அந்த அதிர்வுல காரை உடைஞ்சு வரும். சூடாகாம இருக்கத் தண்ணி வரும். கீச்சுன்னு ஒரு சத்தம் வரும்." அடுத்து காட்டுங்கள்: வாய்க்கு வெளியே, அவர் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்கவிடுங்கள். சம்மதித்தால், குறைந்த பவரில் தண்ணீருடன் நுனியின் பக்கவாட்டை அவர் கட்டைவிரல் நகத்தில் ஒரு கணம் தொட்டுக் காட்டலாம். முனையைக் குத்தலாக வைக்கக் கூடாது. வாய்க்குள் போகும் முன் நுனியைக் கழற்றி வேறு ஸ்டெரைல் நுனியை அவர் கண் முன்னாலேயே மாட்டுங்கள்.

கடைசியாகச் செய்வது. எங்கே ஆரம்பிக்கிறோம் என்பது இங்கே பேச்சைவிட முக்கியம். காரை அதிகம் இருப்பதால் கீழ் முன்பல்லில் கை வைக்கத் தோன்றும். பெரும்பாலும் ஈறு இறங்கிக் கூச்சம் அதிகமாக இருக்கும் இடமும் அதுதான். ஈறு இறங்காத ஒரு மேல் கடைவாய்ப் பல்லில் ஆரம்பியுங்கள். "மூணு எண்ணுவேன், அப்புறம் எடுத்துடுவேன்" என்று சொல்லி, குறைந்த பவரில் மூன்று எண்ணி எடுத்துவிடுங்கள். அவர் கை தூக்கும் முன்பே எடுக்க வேண்டும். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "இவ்வளவுதானா?" என்பது. வராவிட்டாலும் பரவாயில்லை.

அந்த அம்மாவுக்கு முதல் நாள் மேல் வலது பக்கம் மட்டும் முடித்தால் போதும். "இன்னிக்கு இது போதும்மா. இன்னும் செய்யலாம்னு உங்களுக்குத் தோணினா செய்யலாம், இல்லைன்னா இன்னொரு நாள்" என்று முடிவை அவரிடமே விடுங்கள். அவர் எழுந்தால் அந்தக் கால் பகுதிக்கு மட்டும் காசு வாங்குங்கள். முழு வாய்க்கும் முதலிலேயே வாங்கிவிட்டால், மீதியை முடிக்க வர வேண்டும் என்ற கட்டாயத்தைப் பணத்தால் கட்டியதாகிவிடும். அடுத்த முறை வரும்போது கீழ் முன்பற்களை ஜெல் தடவிச் செய்யலாம்.

வேலை நடக்கும்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டுமா?

தேவையில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்பதை மட்டும் ஒரு வரி முன்னால் சொன்னால் போதும்: "இப்போ தண்ணி வரும்", "இந்தப் பல்லுல கொஞ்சம் கூசலாம், அஞ்சு எண்ணுறேன்", "உறிஞ்சுற குழாய் கன்னத்துல ஒட்டும், பயப்படாதீங்க". வாய் திறந்திருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். பதில் சொல்ல முடியாமல் திணறுவதே சிலருக்குப் பதற்றம்.

கை தூக்கினால் நிறுத்துவதில் ஒரு விஷயம். பலர் முதல் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றும் இல்லாமலேயே கையைத் தூக்குவார்கள். உண்மையிலேயே நிறுத்துகிறார்களா என்று பார்க்கத்தான். "இந்த ஒண்ணு மட்டும் முடிச்சுடுறேன்" என்று தொடர்ந்தீர்களானால் சோதனையில் தோற்றுவிட்டீர்கள். மெஷின் ஓடும் பெடலிலிருந்து காலை எடுத்து, கருவியை வெளியே எடுத்து, "சொல்லுங்க" என்று கேளுங்கள். சத்தம் நின்றால்தான் நிறுத்தியதாக அவர் உணர்வார்.

உதவியாளருக்கு: ரத்தம் கலந்த தண்ணீரை அவர் துப்பும்போது திடுக்கிடுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "வீங்கின ஈறுல ரத்தம் வரும்மா, தண்ணியோட கலந்து நிறையத் தெரியும். போகப்போகக் குறையும்."

தண்ணீர் தொண்டைக்குள் போய்க் குமட்டுகிறது, மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கு?

முழுக்கச் சாய்க்காதீர்கள், பாதி சாய்வே போதும். மூக்கால் மூச்சு விடச் சொல்லி, வாய் திறந்தபடியே இரண்டு மூன்று முறை பழகவிடுங்கள். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், வேறு நாள் வரச் சொல்லுங்கள். தண்ணீர் வரத்தைக் குறைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மெஷினில் அதைத் தேவைக்குக் கீழே குறைத்தால் நுனி சூடாகிப் பல்லுக்குத்தான் கெடுதல். அதைவிட உறிஞ்சு குழாயை நுனிக்குப் பக்கத்திலேயே பிடிப்பதும், ஓரிரு பற்களுக்கு ஒருமுறை நிறுத்தித் துப்பவிடுவதும் பலன் தரும். அப்படியும் முடியவில்லை என்றால் கைக்கருவியால் செய்யலாம், தண்ணீரே தேவைப்படாது. நேரம் அதிகம் பிடிக்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

மரத்துப்போக ஸ்ப்ரே அடித்துவிட்டால் எளிதாகப் போய்விடுமே?

பயந்தவருக்கு ஸ்ப்ரே நல்ல தேர்வு இல்லை. லிக்னோகெய்ன் ஸ்ப்ரே கசக்கும், சிதறித் தொண்டைக்குப் போகும். தொண்டை மரத்ததும் எச்சில் விழுங்க முடியவில்லையோ என்று ஒரு பீதி வரும். ஜெல்லைப் பஞ்சில் எடுத்து, ஈறைத் துடைத்து உலர்த்தி, தேவையான இடத்தில் மட்டும் தடவி ஓரிரு நிமிடம் விடுங்கள். ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டிய இடத்துக்கு ஜெல் போதாது, ஊசிதான் வேண்டும். அதை முதல் நாளே சொல்லி, இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஜெல் என்று சொல்லிவிட்டு ஊசியோடு வருவது மன்னிக்க முடியாத காரியம்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடிடும், சந்து விழுந்துடும், எனாமல் போயிடும்" என்கிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?

சிரிக்காதீர்கள், "யாருங்க சொன்னாங்க?" என்று கேட்காதீர்கள். சொன்னது பெரும்பாலும் அவருடைய அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கண்டது உண்மை, காரணம்தான் வேறு.

சந்து: காரை இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஈறும் வீங்கி அந்த இடத்தை மூடியிருந்தது. காரை போய், வீக்கம் வடிந்து ஈறு சுருங்கியதும், நோயால் ஏற்கெனவே உண்டான இடைவெளி வெளியே தெரிகிறது. ஆட்டம்: பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், பற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தது காரைதான். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவரும். எனாமல்: நுனியைப் பல்லின் மேல் பக்கவாட்டாக வைத்துச் சரியான பவரில் செய்தால் எனாமலுக்குச் சேதம் வராது. முனையைக் குத்தலாக வைத்து ஒரே இடத்தில் அழுத்தினால் கீறும், அது செய்பவரின் தவறு.

ஆகவே "சந்து விழாது" என்று அடித்துச் சொல்லக் கூடாது. முன்பல்லில் காரை அடைத்திருக்கும் ஒருவரிடம் ஆரம்பிக்கும் முன்பே கண்ணாடியில் காட்டிச் சொல்லுங்கள்: "இதை எடுத்தா இந்த இடத்துல இடைவெளி தெரியும்ங்க. நாக்கு போய்ப் போய்த் தடவும், கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணி கூசும். பெரும்பாலும் ஒரு வாரம் ரெண்டு வாரத்துல குறையும். இது தெரிஞ்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க." ஆடும் பல் இருந்தால் எந்தப் பல் எவ்வளவு ஆடுகிறது என்பதை முன்பே விரல் வைத்து அவருக்கே காட்டிவிடுங்கள். முன்பே சொன்னது விளக்கமாக இருக்கும். பிறகு சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும், ஆனால் சில வாரங்கள் தொடர்ந்து போட வேண்டும். இதை அவர் கேட்டால் சொல்லுங்கள். பில்லோடு சேர்த்துக் கவுண்டரில் திணிக்காதீர்கள்.

"ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம்" என்று சொல்லித்தானே நாங்கள் படித்தோம்?

எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று, கடுமையான ஈறு நோய் இல்லாத, பல் டாக்டரிடம் முறையாகப் போய்வரும் பெரியவர்களைப் பார்த்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ வழக்கமாகச் சுத்தம் செய்தவர்களுக்கும், அப்படிச் செய்யாதவர்களுக்கும் இடையே இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு அழற்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. காரை கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் அரசு சார்ந்த வழிகாட்டுதல் 2004-லேயே, பெரியவர்களைத் திரும்ப வரச் சொல்லும் இடைவெளியை ஆளுக்குத் தகுந்தபடி 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை வைக்கச் சொல்லிவிட்டது.

இதை வைத்து "சுத்தமே தேவையில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. நம்மிடம் வருகிறவர்களில் பலர் முறையாகப் போய்வருபவர்கள் அல்ல. ஈறு நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கு அந்த முடிவு பொருந்தாது. ஆனால் ஈறு நன்றாக இருக்கும் 25 வயதுக்காரரிடம், "ஆறு மாசம் ஆச்சு, கட்டாயம் பண்ணணும்" என்பது பயமுறுத்தி விற்பது. அவரிடம் "ஈறு நல்லா இருக்கு, ஒரு வருஷம் கழிச்சு வந்து காட்டுங்க போதும்" என்று சொல்லுங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று எழுந்தால்?

"சரிங்க" என்று சொல்லுங்கள். அந்தச் "சரிங்க"வை இழுக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: என்ன பார்த்தோம், என்ன செய்யலாம் என்கிறோம், மொத்தம் எவ்வளவு ஆகும். "ஆயிரத்திலிருந்து ஆரம்பம்" என்று எழுதக் கூடாது, இவருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரே நாளில் செய்தால் எவ்வளவு, பகுதி பகுதியாகச் செய்தால் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். "இன்னிக்குப் பண்ணினா தள்ளுபடி" என்பதை எங்கள் கிளினிக்கில் யாரும் சொல்லக் கூடாது. பயந்த மனிதருக்கு அது சலுகையாகப் படாது, கதவைச் சாத்துவது போலத்தான் படும்.

பின்னால் போன் செய்யலாமா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள்: "ஒரு தடவை போன் பண்ணி விசாரிக்கட்டுமா, இல்லை நீங்களே கூப்பிடுறீங்களா?" தானே கூப்பிடுகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் ஒரே ஒரு தடவை.

அழுத்தம் கொடுக்கக் கூடாது என்றால், நிலைமை மோசமாக இருந்தாலும் மென்மையாகவே பேசிவிட்டு அனுப்பிவிடுவதா?

கூடாது. அவசரம் இருப்பதும் இல்லாததும் ஒரே குரலில் வந்தால், எது உண்மை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பல் தேய்க்கும்போது ரத்தம், லேசான வீக்கம், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோல் மூன்று மில்லிமீட்டருக்குள் நிற்கிறது என்றால் அது ஈறோடு நிற்கும் நோய். சுத்தம் செய்து ஒழுங்காகத் தேய்த்தால் பழைய நிலைக்குத் திரும்பும். சில வாரம் யோசித்துவிட்டு வந்தாலும் எதுவும் குடிமுழுகிப் போகாது, அதை அப்படியே சொல்லலாம். ஆழம் நான்கு ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டி, எக்ஸ்ரேயில் எலும்பு குறைந்திருந்தால் பேச்சு வேறு: "கரைஞ்ச எலும்பு தானா திரும்ப வராதுங்க. இதுக்கு மேல கரையாம நிறுத்தத்தான் பார்க்கிறோம். முடிவு உங்களோடதுதான், ஆனா மாசக்கணக்குல தள்ளிப்போடுறது நல்லதில்லைன்னு நான் நினைக்கிறேன்." சீழ், கன்னத்தில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை இருந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அது ஸ்கேலிங் பேச்சே இல்லை.

அளவைச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். "எல்லாப் பல்லும் கொட்டிடும்" என்று ஆருடம் சொல்லாதீர்கள். வேண்டாம் என்றால் சொன்னதையும் அவர் மறுத்ததையும் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள்.

கூட வந்த மகளோ கணவரோ "சின்னப் புள்ள மாதிரி பயப்படாத" என்று திட்டுகிறார்கள். என்ன செய்வது?

திட்டுபவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "அக்கா, நீங்க அம்மா கால் பக்கம் நின்னு கையைப் பிடிச்சுக்கோங்க. அவங்க இடது கை தூக்கினா என்கிட்ட சொல்லுங்க." இப்போது அவரும் அம்மாவின் பக்கம் வந்துவிட்டார். கேள்வியைக் கூட வந்தவரிடம் கேட்காதீர்கள். பணம் கொடுப்பவர் கணவராக இருந்தாலும், "ஆரம்பிக்கலாமா?" என்பதை நாற்காலியில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

வருவதற்கு முன் போனில் கட்டாயம் கேட்க வேண்டியது என்ன?

சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு பதற்றமும் சேர்ந்தால் மயக்கம் வரும். சர்க்கரை மாத்திரை போடுபவருக்கு இது இன்னும் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர் தானாக நிறுத்திவிட்டு வரக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதய வால்வு மாற்றியவர், பேஸ்மேக்கர் வைத்தவர், கர்ப்பிணி என்றால் டாக்டரிடம் முன்பே தெரிவியுங்கள். கர்ப்ப காலத்தில் சுத்தம் செய்யலாம், நடு மூன்று மாதம் படுக்க வசதியாக இருக்கும்.

கம்பி போட வருபவர்களுக்கும் இதே பேச்சு போதுமா?

கை தூக்குவதும் சொல்-காட்டு-செய்யும் பொருந்தும். மற்றது வேறு. கம்பி ஒட்டும் அன்று நாற்காலியில் வலி இருக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும், மறுநாள் உச்சத்தில் இருக்கும், சில நாளில் குறையும். நாற்காலியில் "பாத்தீங்களா, வலிக்கவே இல்லை" என்று பெருமையடித்து அனுப்பினால் ராத்திரி போன் வரும். கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டு மூன்று நாளைக்கு இட்லி, ரசம் சாதம் என்று மெத்தென்று சாப்பிடச் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அன்றைக்கு எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று எண்ணாதீர்கள், அழுத்தினாலும் அந்த எண் கூடும். முதல் கால் பகுதி முடித்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் அடுத்த பகுதிக்குத் தானாக வந்தார்கள் என்று கேஸ் ஷீட்டைப் பாருங்கள். கூடவே, எத்தனை பேர் வேலை நடுவே கை தூக்கினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். ஒரு டாக்டரின் நாற்காலியில் மாதக்கணக்கில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை என்றால், அவரிடம் யாருக்கும் கூசவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். கையைத் தூக்கிப் பழகும் அந்த முதல் படியை அவர் விட்டுவிடுகிறாரா என்று போய் நின்று பாருங்கள்.